சர்வர் வீட்டில்தான் இருந்தது

எங்கள் பக்கத்தில் ஜி.எஸ்.டி. என்றால் 2017 வரைக்கும் சாலைதான். சிட்லபாக்கத்திலிருந்து குரோம்பேட்டைப் பக்கம் போனாலும் சானடோரியம் பக்கம் போனாலும் கடைசியில் அந்தச் சாலையில்தான் போய் முட்ட வேண்டும். அந்த வருடம் ஜூலை 1-ஆம் தேதிக்குப் பிறகு அதே மூன்று எழுத்துக்கு இன்னொரு அர்த்தம் வந்து சேர்ந்தது. சிஸ்டம் சர்வீஸ் செய்து பிழைக்கும் எனக்கு மாதத்தில் இரண்டு தேதிகள் போகப் போகத் தனியாகத் தெரிய ஆரம்பித்தன: 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி. மாதாமாதம் கணக்குக் கொடுக்கிறவர்களுக்கு முன்னதில் ஜி.எஸ்.டி.ஆர்-1, பின்னதில் 3பி. இந்த இரண்டு நாட்களில் காலை பத்து மணிக்கு முன்னால் போன் அடித்தால் அது ஆடிட்டர் ஆபீஸாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு 20-ஆம் தேதி வந்த போனைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏரிப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் மாடியில் ஆபீஸ். மூன்று சிஸ்டம், ஒரு பிரிண்டர், ஓரத்தில் ஒரு ரூட்டர். மூன்றில் ஒன்றை எல்லோரும் சர்வர் என்பார்கள். சர்வர் என்று பெயர்தானே தவிர அதுவும் சாதாரண டெஸ்க்டாப்தான். டேலி லைசென்ஸும் கணக்கு டேட்டாவும் அதில் இருக்கும். மற்ற இரண்டு மெஷினும் அதிலிருந்து எடுத்து வேலை செய்யும். சர்வரை ஆடிட்டர் சாரே மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் சி.பி.யு.வைத் தரையில் வைக்கிறவர்கள் குறைவு.

"தம்பி, டேலி எஜுகேஷனல்னு வருது. இன்னைக்கு 20" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எஜுகேஷனல் மோடில் டேலி ஒன்றாம் தேதி, இரண்டாம் தேதி, முப்பத்தொன்றாம் தேதி தவிர வேறு எந்தத் தேதிக்கும் என்ட்ரி போட விடாது. படிக்கிற பையன்களுக்குக் கொடுத்த வசதி அது. தொழில் செய்கிறவருக்கு அது கடையைப் பூட்டியதற்குச் சமம்.

நான் போனபோது அங்கே பாதி ஊர் கூடியிருந்தது போல இருந்தது. கேபிள்காரப் பையன் ஒருவன் ரூட்டரை மூன்றாவது தடவை அணைத்து ஏற்றிக்கொண்டிருந்தான். கணக்குப் பார்க்கும் அக்கா இருவரில் ஒருவர் தன் மெஷினை மேசைக்கு அடியிலிருந்து இழுத்து வைத்திருந்தார். ஆபீஸ் பையன் ஒரு புது நெட்வொர்க் கேபிளோடு நின்றான். எல்லோரும் சேர்ந்து ஒரு மணி நேரமாக ஏதேதோ செய்திருக்கிறார்கள். என் தொழிலில் பெரிய தலைவலி பழுதே இல்லை; பழுதுக்கும் எனக்கும் நடுவில் நடந்த இந்த ஒரு மணி நேரம்தான்.

கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவு. முந்தின நாள் மாலை பழைய ஆன்டிவைரஸ் லைசென்ஸ் முடிந்துவிட்டது. பையன் புதிதாக ஒன்று வாங்கி வந்து சர்வரில் மட்டும் போட்டான். அது வெறும் ஆன்டிவைரஸ் இல்லை, ஃபயர்வாலும் சேர்ந்து வருகிற 'டோட்டல்' வகை. போட்டு முடித்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் வந்தால் இரண்டு மெஷினிலும் டேலி எஜுகேஷனல், டேட்டா ஃபோல்டர் திறக்கவில்லை, பிரிண்டர் ஆஃப்லைன்.

"அப்ப ஆன்டிவைரஸ்தானே?" என்றேன்.

"இல்லண்ணா, அதை டிஸேபிள் பண்ணிப் பார்த்துட்டேன். அப்பவும் வரல. அதுவுமில்லாம சர்வர்ல நெட் சூப்பரா வருது. டேலியும் அந்த மெஷின்ல நல்லா ஓடுது. ஆன்டிவைரஸ்னா நெட்டே வரக்கூடாதில்ல?"

அவன் சொன்னதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. டிஸேபிள் செய்து பார்ப்பது, நெட் வருகிறதா என்று பார்ப்பது, இரண்டுமே சோதனைகள்தான். ஆனால் இரண்டுமே தப்பான கதவைத் தட்டிய சோதனைகள். இதே இடத்தில் நானும் பல தடவை வழுக்கியிருக்கிறேன்.

ஃபயர்வால் என்பது வாசலில் நிற்கிற காவல்காரர் மாதிரி. வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறவரை அவர் பெரும்பாலும் கேட்கமாட்டார். போனவர் பால் பாக்கெட்டோடு திரும்பி வந்தால் உள்ளே விடுவார். அழைக்காமல் வெளியிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினால்தான் 'யார் நீ' என்பார். சர்வரில் பிரவுசர் திறப்பது உள்ளிருந்து வெளியே போகிற வேலை. அதனால் நெட் சூப்பராக வரும். பக்கத்து மேசையிலிருந்து டேலி லைசென்ஸ் கேட்பது வெளியிலிருந்து தட்டுகிற வேலை. சர்வரில் இருக்கிற டேலி தன் வீட்டுக்குள்ளேயே கேட்டு வாங்கிக்கொள்கிறது, அது வாசலுக்கே வருவதில்லை. ஆக, பையன் சொன்ன இரண்டு அறிகுறியும் ஆன்டிவைரஸை விடுவிக்கவில்லை. ஒரு ஃபயர்வால் வேலை செய்கிற மெஷின் எப்படி இருக்குமோ அப்படித்தான் அது இருந்தது.

ஆனால் அப்படித் தோன்றுவது வேறு, உறுதி செய்வது வேறு. முதலில் கேபிள்காரப் பையனை அனுப்பி வைக்க வேண்டியிருந்தது. ரூட்டருக்குள் வெளியிலிருந்து வரும் ஒயரை நானே பிடுங்கினேன். ஆடிட்டர் சார் பதறிவிட்டார். "சார், உங்க மூணு மெஷினும் ஒண்ணோட ஒண்ணு பேசறதுக்கு இந்த ஒயர் வேண்டாம். இது ஊருக்குப் போற ஒயர்" என்றேன். பிடுங்கிய பிறகும் பழுது அப்படியேதான் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதில் எனக்கு இன்னொரு லாபமும் உண்டு. அடுத்த அரை மணி நேரம் நான் பாதுகாப்பை ஏற்றி இறக்கி விளையாடப் போகிறேன். அப்போது மெஷின் ஊருக்குத் திறந்து கிடக்க வேண்டாம்.

முதல் மேசை அக்காவின் மெஷினில் உட்கார்ந்தேன். சர்வருக்கு 192.168.1.10 என்று நிலையான எண் கொடுத்திருந்தேன், அது நினைவில் இருந்தது. அக்காவின் மெஷினுக்குக் கடைசி எண் 21.

```
ping 192.168.1.1
ping 192.168.1.10
arp -a
```

முதல் வரிக்கு ரூட்டர் உடனே பதில் சொன்னது. அக்காவின் மெஷின், அதன் கேபிள், ரூட்டர் வரைக்கும் உள்ள பாதை எல்லாம் சரி என்று அர்த்தம். பையன் கையில் இருந்த புதுக் கேபிளை வாங்கி மேசை மேல் வைத்தேன்.

இரண்டாவது வரிக்கு வந்த பதில்தான் விஷயம். நாலு தடவையும் `Request timed out.` என்று வந்தது.

நெட்வொர்க் பழுது என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் 'பிங் போகல' என்பார்கள். பிங் போகாததில் இரண்டு ஜாதி உண்டு. ஒரே ரூட்டருக்குக் கீழே இருக்கிற மெஷின் அணைந்து கிடந்தாலோ, அதன் ஒயர் கழன்றிருந்தாலோ விண்டோஸ் `Destination host unreachable` என்று சொல்லும். அதுவும் நம் மெஷினின் எண்ணைப் போட்டே சொல்லும். அதாவது, 'தெருவெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன், அந்தப் பெயரில் யாருமே குரல் கொடுக்கவில்லை' என்று நம் மெஷினே நமக்குச் சொல்கிறது. `Request timed out` அப்படியில்லை. வீடு இருக்கிறது, விலாசம் சரி, கடிதத்தை உள்ளே போட்டாயிற்று, பதில்தான் வரவில்லை.

மூன்றாவது வரி அதற்குச் சாட்சி. ஒரு மெஷின் இன்னொன்றுக்கு எதையாவது அனுப்பும் முன் 'இந்த எண் யாருடையது' என்று எல்லோரையும் கேட்கும். எண்ணுக்கு உரிய மெஷின் தன் நெட்வொர்க் கார்டின் பன்னிரண்டு எழுத்து விலாசத்தைச் சொல்லும். இந்தக் கேள்வி பதில் ஃபயர்வால் நிற்கிற இடத்துக்குக் கீழேயே நடந்துவிடுவதால் பெரும்பாலான ஃபயர்வால்கள் இதைத் தடுப்பதில்லை. பட்டியலில் 192.168.1.10-க்கு எதிரே அந்த விலாசம் முழுசாக இருந்தது. சர்வர் வீட்டில்தான் இருக்கிறது. கூப்பிட்டால் குரல் கொடுக்கிறது. கதவைத்தான் திறக்கவில்லை.

பிறகு சர்வருக்குப் போய் அங்கிருந்து அக்காவின் மெஷினைப் பிங் செய்தேன். உடனே பதில் வந்தது. போகிறது, வரவில்லை. கேபிளுக்கு ஒருவழிப் பாதை தெரியாது. பழுதான கேபிள் என்றால் இரண்டு பக்கமும் தகராறு செய்யும். ஒரு திசையில் மட்டும் வழி அடைபட்டிருந்தால் நடுவில் விதி போட்டு நிறுத்துகிற ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று நான் முடிவுக்கு வந்துவிடுவேன்.

இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம். டேலி லைசென்ஸ் கொடுக்கிற சர்வீஸே சர்வரில் ஓடாமல் இருக்கலாம். கடை திறக்காமல் காவல்காரரைத் திட்டிப் பயனில்லை. அது 9999 என்ற போர்ட்டில் காத்திருக்கும். சர்வரிலேயே கேட்டேன்.

```
netstat -ano | findstr :9999
```

`LISTENING` என்று வந்தது. கடை திறந்துதான் இருக்கிறது. அக்காவின் மெஷினுக்குத் திரும்பி வந்து, பவர்ஷெல்லில் அதே கடைக்கு வெளியிலிருந்து போய்ப் பார்த்தேன்.

```
Test-NetConnection 192.168.1.10 -Port 9999
Test-NetConnection 192.168.1.10 -Port 445
```

445 என்பது ஃபோல்டர், பிரிண்டர் பகிர்வுக்கான வாசல். இரண்டுக்குமே `TcpTestSucceeded : False`. False என்பதைவிட அது வர எடுத்துக்கொண்ட நேரத்தைத்தான் நான் பார்ப்பேன். வாசலில் யாரும் தடுக்காமல் கடை மட்டும் மூடியிருந்தால் 'இங்கே யாரும் இல்லை' என்று மெஷின் திருப்பிச் சொல்லிவிடும், தோல்வி சட்டென்று தெரிந்துவிடும். இங்கே சுமார் இருபது விநாடி கர்சர் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. காவல்காரர் வந்தவரை விரட்டவில்லை, பார்க்காத மாதிரி நின்றுகொண்டிருக்கிறார்.

இதுவரைக்கும் சர்வரில் உள்ளே வருகிறதை ஏதோ ஒன்று தடுக்கிறது என்றுதான் ஆயிற்று. அது விண்டோஸின் சொந்த ஃபயர்வாலா, புதிதாக வந்ததா? 2004-இல் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2 வந்ததிலிருந்து விண்டோஸ் தன் ஃபயர்வாலைத் தானாகவே போட்டுக்கொண்டுதான் வருகிறது, அதுவும் சந்தேகப் பட்டியலில் உண்டு. அந்தத் திரையைத் திறந்தேன். இந்த அமைப்புகளை இன்ன நிறுவனத்தின் மென்பொருள் கவனித்துக்கொள்கிறது என்று விண்டோஸே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தது. சாவிக்கொத்து கைமாறிவிட்டது. பழைய காவல்காரரிடம் போய் எந்த பட்டனைத் தட்டினாலும் பயனில்லை. நெட்வொர்க்கை பிரைவேட் என்று மாற்றுவது, விண்டோஸ் ஃபயர்வாலை அணைப்பது என்று பையன்கள் இந்தக் கட்டத்தில் ஒரு மணி நேரம் வீணாக்குவார்கள்.

இப்போது பையன் செய்த டிஸேபிள் விஷயத்துக்கு வருகிறேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் படத்தில் வலது கிளிக் செய்தால் 'பாதுகாப்பை 15 நிமிடம் நிறுத்து' என்று வருகிறதே, அவன் அதைத்தான் அழுத்தியிருக்கிறான். அது நிறுத்துவது ஃபைல்களைத் திறக்கும்போது சோதிக்கிற பகுதியை. ஃபயர்வால் அந்தப் பொட்டலத்துக்குள் இன்னொரு ஆள். அவருக்குத் தனி பட்டன், நாலு மெனு உள்ளே போனால்தான் கிடைக்கும். அந்தப் பதினைந்து நிமிடமும் அவர் வாசலை விட்டு நகரவே இல்லை. போதாததற்கு, ஃபயர்வாலையே அப்படி நிறுத்தியிருந்தாலும் பதினைந்து நிமிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அது திரும்பி வந்திருக்கும். பாதிச் சோதனையில் அது எழுந்துகொண்டால் நாம் எழுதி வைக்கிற முடிவெல்லாம் பொய்யாகிவிடும். அதனால் நேரக்கெடு இல்லாமல், 'நான் சொல்லும்வரை' என்று தேர்ந்தெடுத்துத்தான் நிறுத்துவேன்.

பையனை ஒரு தாளில் கோடு போடச் சொன்னேன். மணி, என்ன மாற்றினோம், பிங், 445, 9999. ஃபயர்வால் பகுதியை மட்டும் நிறுத்தினேன். ஃபைல் சோதனை ஓடிக்கொண்டே இருக்கட்டும். அக்கா மெஷினில் அதே மூன்று சோதனை. பிங் வந்தது, 445 True, 9999 True.

"அவ்ளோதான் சார்! அதேதான்" என்று பையன் எழுந்துவிட்டான்.

உட்காரச் சொன்னேன். ஒன்றை எடுத்தோம், சரியானது. அது பாதிதான். நாங்கள் அதை எடுத்த அதே நிமிடத்தில் வேறு ஏதாவது தானாகச் சரியாகியிருக்கலாம். காலையிலிருந்து அந்த அறையில் எத்தனை கை எத்தனை ஒயரைத் தொட்டிருக்கிறது! திரும்ப ஃபயர்வாலை ஏற்றினேன். மூன்றும் False. இறக்கினேன், மூன்றும் சரி. இன்னொரு தடவை ஏற்றி இறக்கினேன். தாளில் ஐந்து வரி ஆனது, ஐந்தும் ஒரே பேச்சு. எடுத்தால் குணம், வைத்தால் காய்ச்சல் என்று மாறி மாறி வந்த பிறகுதான் நான் பெயரை வாயால் சொல்வேன். எடுத்துப் பார்த்துக் குணமானதும் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்தான் அடுத்த வாரம் அதே ஆபீஸில் அதே படியேறுகிறார்கள்.

எல்லாப் பழுதும் இவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதில்லை. சேலையூரில் ஒரு அம்மாள் வீட்டில் பட்டது நினைவுக்கு வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேசுகிற கம்ப்யூட்டர். பாதுகாப்பு மென்பொருள் போட்டதும் நெட் சுத்தமாக நின்றுவிட்டது. யாரோ அதை அன்இன்ஸ்டால் செய்திருக்கிறார்கள், அப்போதும் வரவில்லை. 'நீக்கியாச்சே, அப்ப அது காரணமில்லை' என்று கார்டை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்தபோது மெஷினுக்கு 169.254 என்று தொடங்குகிற எண் வந்திருந்தது. ரூட்டரிடம் எண் கேட்டுக் கிடைக்காமல் மெஷின் தனக்குத் தானே சூட்டிக்கொள்கிற பெயர் அது. பையில் எப்போதும் ஒரு லினக்ஸ் பென்டிரைவ் வைத்திருப்பேன். அதிலிருந்து பூட் செய்ததும் அதே கார்டில், அதே கேபிளில் நெட் வந்துவிட்டது. ஒரே அடியில் ரூட்டர், கேபிள், கார்டு மூன்றும் விடுதலை. குற்றம் விண்டோஸுக்குள் என்று ஆயிற்று. `ncpa.cpl` என்று அடித்து, நெட்வொர்க் கார்டின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், நீக்கிய மென்பொருளின் பெயரில் ஒரு ஃபில்டர் இன்னும் டிக் அடித்தபடி உட்கார்ந்திருந்தது. வீட்டைக் காலி செய்தவர் கேட்டில் தன் பூட்டை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். டிக்கை எடுத்ததும் எண் வந்தது. பிறகு அந்த நிறுவனமே இதற்கென்று தருகிற துடைத்தெடுக்கும் கருவியை இறக்கி மிச்சத்தையும் எடுத்தேன். அன்இன்ஸ்டால் செய்தும் சரியாகவில்லை என்பதை வைத்து எந்தப் பாதுகாப்பு மென்பொருளையும் நிரபராதி என்று நான் சொல்வதில்லை. அது உண்மையிலேயே போய்விட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு, அதற்கு உலகறிந்த உதாரணம் இருக்கிறது. 2008 ஜூலை 8-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் டி.என்.எஸ். ஓட்டை ஒன்றை அடைக்க ஒரு அப்டேட் விட்டது. டான் காமின்ஸ்கி கண்டுபிடித்த அந்த ஓட்டையை அடைக்க, இணையதளப் பெயர்களைக் கேட்டு அனுப்புகிற கேள்விகள் ஒரே போர்ட்டிலிருந்து போகாமல் வெவ்வேறு போர்ட்டிலிருந்து போகும்படி மாற்றினார்கள். அதைப் போட்டதும் ஜோன்அலார்ம் என்ற பிரபலமான ஃபயர்வால் வைத்திருந்த பலருக்கு நெட் நின்றுபோனது. பழக்கம் மாறிய மெஷினை அந்த ஃபயர்வால் நம்பவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் அப்டேட்டை நீக்கியவருக்கும் நெட் வந்தது, ஃபயர்வாலை நீக்கியவருக்கும் வந்தது. இரண்டு பேருமே ஏற்றி இறக்கிப் பார்த்து நிரூபித்திருக்க முடியும்! நீக்கிப் பார்க்கிற முறை எந்த இரண்டு சேர்ந்தால் சண்டை என்று காட்டும். யார் பக்கம் நியாயம் என்று காட்டாது. அப்டேட்டை நீக்கியவர்களுக்கு நெட் வந்தது, கூடவே ஓட்டையும் திரும்பி வந்தது. சரியான வழி ஃபயர்வாலின் புதுப் பதிப்பைப் போடுவதுதான், அது சில நாட்களில் வந்தும் விட்டது.

சிட்லபாக்கத்து மாடியிலும் கேள்வி அதேதான். காரணம் தெரிந்துவிட்டது, யாரை மாற்றுவது? "பேசாம ஃபயர்வாலை ஆஃப்லயே விட்டுடு தம்பி, இன்னைக்கு 20" என்றார் ஆடிட்டர் சார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டதே, அது மெஷினுக்கு மெஷின் தாவியது இந்த 445 வாசல் வழியாகத்தான். முன்பின் தெரியாத நெட்வொர்க்கில் 445-ஐ அடைக்கிற மென்பொருள் தப்பாக எதுவும் செய்யவில்லை. தான் இருப்பது ஆடிட்டர் ஆபீஸா ரயில்வே ஸ்டேஷன் வைஃபையா என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"போடும்போது ஏதாவது கேட்டுச்சா?" என்றேன் பையனிடம். யோசித்தான். "கடைசியா ஒரு பெட்டி வந்துச்சுண்ணா. இது ஹோம் நெட்வொர்க்கா பப்ளிக்கான்னு. அக்கா கிளம்பறேன்னாங்க, நான் க்ளோஸ் பண்ணிட்டேன்."

பெட்டியை மூடினால் அது 'பொது இடம்' என்று எடுத்துக்கொள்ளும். ஃபயர்வால் பகுதிக்குள் நெட்வொர்க் பட்டியலைத் திறந்தேன், நம் இணைப்புக்கு எதிரே அப்படித்தான் இருந்தது. அதை நம்பகமானது என்று மாற்றினேன். ஒரே ஒரு மாற்றம், வேறு எதையும் தொடவில்லை. ஃபயர்வாலை ஏற்றினேன். பிங் வந்தது, 445 True, 9999 True. தாளில் ஆறாவது வரி. சர்வரை ரீஸ்டார்ட் செய்து அதே சோதனையை ஏழாவது வரியாக எழுதச் சொன்னேன், ஏனென்றால் ரீஸ்டார்ட்டில் மறந்துபோகிற அமைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது டீ வந்த நேரம்.

இடம் மாறாத டெஸ்க்டாப் என்பதால்தான் இதைத் துணிந்து செய்தேன். லேப்டாப் என்றால் 192.168.1 என்று தொடங்குகிற எண்களையெல்லாம் நம்பு என்று எண்ணை வைத்து விதி எழுதமாட்டேன். எங்கள் ஊரில் ரெண்டு வீட்டுக்கு ஒரு ரூட்டர் அந்த எண்ணில்தான் இருக்கிறது. நம் ஆபீஸை நம்பச் சொன்னால் அது போகிற வீட்டையெல்லாம் நம்பும்.

முதல் அக்கா தன் மெஷினில் டேலியை மூடித் திறந்தார், லைசென்ஸ் வந்துவிட்டது. 20-ஆம் தேதி என்று அடித்து ஒரு என்ட்ரி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாவது அக்கா, "எனக்கு இன்னும் எஜுகேஷனல்தான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏழு வரித் தாள் கையில் இருக்கிறது, எல்லாம் சொல்லி முடித்தாயிற்று, இப்போது இது. அவர் மெஷினில் `ipconfig` அடித்தேன். மற்ற மெஷின்களெல்லாம் 192.168.1 என்று இருக்க, இது 192.168.3 என்று வேறு தெருவில் இருந்தது. காலைக் களேபரத்தில் 'கேபிள்தான் சரியில்லை' என்று யாரோ சொல்ல, அவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு வைஃபையில் போட்டிருக்கிறார். பட்டியலில் பாஸ்வேர்டு கேட்காத ஒன்று இருந்ததாம், ரூட்டரின் கெஸ்ட் வைஃபை. விருந்தாளிக்கு நெட் கொடுப்பதும், வீட்டுக்குள் இருக்கிற மெஷின்களைக் கண்ணில் காட்டாமல் இருப்பதும்தான் அதன் வேலை. முகம் ஒன்று, பழுது இரண்டு. ஆன்டிவைரஸைச் சரி செய்யாமல் இதை மட்டும் சரி செய்திருந்தாலும் டேலி வந்திருக்காது. அதைச் சரி செய்தும் இது தெரியாமல் இருந்திருந்தால் என் ஏழு வரியையே நான் சந்தேகப்பட்டிருப்பேன். முதலில் எல்லா மெஷினிலும் எண்ணைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அன்று நான் செய்யவில்லை.

மேசையில் கிடந்த புதுக் கேபிளுக்கு ஒரு வேலை கிடைத்தது. அவர் மெஷினில் மாட்டினேன். ரூட்டருக்கு ஊர் ஒயரையும் திருப்பி மாட்டிவிட்டு, கெஸ்ட் வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டேன். அன்று மாலை ஆறு மணிக்குள் 3பி போய்விட்டது என்று போன் வந்தது. பையன் அந்தத் தாளை செல்லோ டேப் போட்டு சர்வரின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருந்தான், கீழே அவனாகவே இரண்டு ஆங்கில வரிகளையும் அவற்றின் அர்த்தத்தையும் எழுதியிருந்தான்.

அடுத்த வருடம் லைசென்ஸ் புதுப்பித்த வாரம் அவனே கூப்பிட்டான்.

"அண்ணா, டேலி எஜுகேஷனல். ஆன்டிவைரஸ் நேத்துதான் போட்டோம். ஹோம்னுதான் கொடுத்தேன்."

"பிங் பண்ணியா?"

"பண்ணேன். Destination host unreachable-னு வருதுண்ணா. ரெண்டு மெஷின்லயும். அப்ப இந்தத் தடவை ஆன்டிவைரஸ் இல்லல்ல?"

"இல்லப்பா. சர்வர் பின்னாடி போய்ப் பாரு."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எலி கடிச்சிருக்குண்ணா."